அண்ணன் எழுதாத சம்மதம்

"படிடா. உங்கண்ணன் இன்னா எழுதிக்கீறான்?"

கடிதம் கொண்டுவந்த தபால்காரர் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. அதற்குள் கௌரியம்மாள் கடையை விட்டுவிட்டு உள்ளே வந்து கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் கடிதம் என்பது தனியொருவருக்கு வருகிற பொருளே அல்ல. மேல்விலாசத்தில் யார் பெயர் இருந்தால் என்ன, உறையைக் கிழித்த கையோடு எல்லார் காதிலும் விழும்படி உரக்கப் படித்தாக வேண்டும். படிக்கத் தெரிந்தவன் வீட்டில் தணிகாசலம் ஒருவன்தான். நைனா இருந்த காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

தணிகாசலம் வழக்கம்போல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காகிதத்தைப் பிரித்தான். முதல் இரண்டு வரியிலேயே அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

'தம்பி, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. தனியாக எடுத்துப் போய்ப் படி. உன் நிச்சயதார்த்தத்தன்று உன் பெட்டியில் நான் பார்த்த லேகிய டப்பாவைப் பற்றியும், குறி சரியாக விறைப்பதில்லை, பாதியிலேயே தளர்ந்துவிடுகிறது என்று நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னதைப் பற்றியும் எழுதுகிறேன்.'

"இன்னாடா முழிக்கிற? எய்த்து புரியலையா?"

"இல்லம்மா. மசி ஊறியிருக்குது."

அவன் படிக்க ஆரம்பித்தான். காகிதத்தில் இல்லாததைப் படித்தான். சுகமாக இருக்கிறேன், பட்டணத்தில் அரிசி ரேஷன் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அச்சாபீஸில் வேலை அதிகம், அம்மா முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்க வேண்டியது. இருபத்துநாலு வயது ஆண்பிள்ளை, மலையடிவாரத்தில் காவடி வாடகைக்கு விடும் கடையில் ஊரையே அதட்டி வேலை வாங்குகிறவன், தன் தாயார் எதிரில் வியர்த்து வழிந்துகொண்டு பொய்க்கடிதம் படித்தான். காதுமடல் இரண்டும் பற்றி எரிந்தன.

சற்றுத் தள்ளி அண்ணி பார்வதம் காவடிக்கு மயிற்பீலி கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் கோதண்டபாணிக்கு அவள் வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. புருஷன் பட்டணத்தில், பெண்டாட்டி மாமியாரிடத்தில். கிருத்திகைக்குக் கிருத்திகை மலைமேல் போய், கழுவாத தரையில் சோற்றைப் போட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து வாயால் எடுத்துத் தின்று வருவாள். பிள்ளை வரம் வேண்டி மண்சோறு உண்ணுவது என்பார்கள். அனுப்பி வைப்பவள் கௌரியம்மாள். இத்தனை செய்தும் பலன் இல்லை என்று கண்டு, மூத்தவனுக்கு இன்னொரு பெண்ணைப் பார்த்துவிட்டாள். போன கடிதத்தில் அவன் சம்மதத்தைக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தாள்.

"அதெல்லாம் கெடக்குது. ரெண்டாங் கல்யாணத்துக்கு இன்னா சொல்றான்? அத மொதல்ல படி" என்றாள் இப்போது.

தணிகாசலம் அந்த இடம் வரை படிக்கவேயில்லை. கண் முழுவதும் 'தளர்ந்துவிடுகிறது' என்ற சொல்லிலேயே நின்றது. சீக்கிரம் முடிக்க வேண்டும், காகிதத்தை மடிக்க வேண்டும், இந்த இடத்தை விட்டு ஓட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பு இல்லை.

"அம்மா இஷ்டப்படி செய்யட்டும்னு எழுதிக்கீறான்."

சொன்னபின்தான் அண்ணியின் பக்கம் பார்த்தான். பீலி கட்டிய கை ஒரு கணம் நின்றது. பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அடுத்த பீலியை எடுத்துக்கொண்டது.

"அப்பிடி சொல்லு! எம்புள்ள எம்பேச்ச தட்டமாட்டான்" என்று கௌரியம்மாள் எழுந்து கடைக்குப் போனாள்.

*

சரவணப் பொய்கையின் படிக்கட்டில் ஆள் இல்லாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்து, மீதிக் கடிதத்தைப் படித்தான்.

'நீ டாக்டரைப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலேயே பார்க்க வேண்டும். இது ஒரு வியாதி. காய்ச்சல் மாதிரி, கண்வலி மாதிரி. இதில் மானம் போவதற்கு ஒன்றுமில்லை என்று எழுதுகிறேன். ஆனால் எழுதும்போதே இரண்டு தரம் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

'என் கதையைக் கேள். எனக்குக் கல்யாணமான அன்று அறைக்கு வெளியே அத்தைகளும் சித்திகளும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. மறுநாள், நேற்று மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தேன். பயந்த மாதிரியே ஆயிற்று. அப்புறம் பயமே வழக்கமாகிவிட்டது. அந்த நாளில் காலையில் கண் விழிக்கும்போது எனக்கு நன்றாக விறைத்திருக்கும். அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பது? பட்டணத்தில் வேலை தேடிக்கொண்டு ஓடிவந்தேன். போன வருஷம் காலில் ஒரு புண் ஆறாமல், ஓயாமல் தாகமெடுத்து டாக்டரிடம் போனேன். மூத்திரத்தில் சர்க்கரை என்றார். பிறகு அவராகவே, சம்சாரத்தோடு எப்படி என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் நாலு வார்த்தை பேசியே சரி செய்திருப்பேன், உடம்பில் அப்போது பழுது இல்லை; இப்போது சர்க்கரை நரம்பையும் கெடுத்துவிட்டது, முழுக்கத் திரும்புமென்று சொல்ல முடியாது என்றார். காலையில் வந்ததும் இப்போது வருவதில்லை.

'பார்வதத்தை நான் ஒரு நாளும் மனைவியாக்கவில்லை. அவள்தான் மண்சோறு தின்கிறாள். அம்மா எனக்கு இன்னொரு பெண் பார்க்கிறாளாம். எப்படியாவது நீ தடுத்துவிடு. காரணத்தை மட்டும் சொல்லிவிடாதே. படித்ததும் இதைக் கொளுத்திவிடு. அரக்கோணத்தில் கணபதிசுப்பிரமணியன் என்று ஒரு டாக்டர் இருக்கிறார், நல்லவர் என்கிறார்கள். போ.'

தணிகாசலம் கடிதத்தை மடித்தான். தடுத்துவிடு என்று எழுதியவன் பெயரில் சம்மதம் என்று படித்துவிட்டு வந்திருக்கிறான். தன் மானத்தை மறைக்க ஒரு பொய் வேண்டியிருந்தது. கைக்கு அகப்பட்டதைச் சொல்லிவிட்டான். அது அண்ணியின் தலையில் போய் விழுந்துவிட்டது. ஓடிப்போய் 'தப்பாப் படிச்சிட்டேன்' என்றால், 'சரியா படி' என்பாள் அம்மா. எதைப் படிப்பது?

பொய்கைக் கரையில் யாரோ ஏற்றிவிட்டுப் போன கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் சொன்னபடி கடிதத்தை அதில் காட்டினான். அண்ணன் சொன்னவற்றில் எளிதான ஒன்றை முதலில் செய்துவிட்டான் என்று சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு நாலு வரி எழுதிப் போட்டான்: இரண்டாம் கல்யாணம் வேண்டாம் என்று நீயே அம்மாவுக்குத் தெளிவாக எழுது. அண்ணனிடமிருந்து கார்டு வந்தது. 'இப்போது வேண்டாம்' என்று மட்டும் இருந்தது. அதை அவன் எழுத்துக்கு எழுத்து உண்மையாகவே உரக்கப் படித்தான்.

"ஏன் வேணாமாம்?" என்றாள் கௌரியம்மாள்.

"எழுதலம்மா."

"போன மாசம் சரின்னவன் இப்ப வேணாங்கிறான்னா, கூச்சம்டா. காரணம் இருந்தா எழுதமாட்டானா? நான் நாள் பாத்துட்டேன்."

*

அரக்கோணம் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். தணிகாசலம் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, "பலவீனம்ங்க" என்றான்.

"எங்க பலவீனம்?"

தணிகாசலம் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினான்.

"தம்பி, மார்வலின்னா மாருன்னு சொல்றோம். இங்கயும் அப்படித்தான். நான் ஒவ்வொண்ணா கேக்கறேன், ஆமாம் இல்லைன்னு சொன்னா போதும். விறைக்கறதே இல்லையா, விறைச்சு நிக்கறதில்லையா?"

"நிக்கறதில்லைங்க. பாதிலயே..."

"ஆசை உண்டா?"

"முன்ன மாதிரி இல்லைங்க."

"காலையில தூங்கி எழுந்திரிக்கும்போது?"

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தான். அண்ணன் எழுதியிருந்த அதே விஷயம். யோசித்தான். "முன்னல்லாம் இருந்துச்சுங்க. ஆறேழு மாசமா இல்ல."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். அவனைப் படுக்கவைத்துச் சோதித்தார். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று கேட்டுக்கொண்டே விதைகள் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். தொடையின் உள்பக்கத்தைக் குச்சியால் கீறி, விதை மேலே ஏறுகிறதா என்று கவனித்தார். தொடைச் சந்திலும் கணுக்காலிலும் நாடி பார்த்தார். முழங்காலைச் சுத்தியால் தட்டினார். தாசி வீட்டுக்குப் போனதுண்டா என்று, மழை பெய்ததா என்று கேட்கிற மாதிரி கேட்டார். இல்லை என்றான். வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்றதற்கு அண்ணனுக்கு என்றான். மூத்திரத்தை வாங்கி, நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் கொதிக்கவைத்தார். நீலம் நீலமாகவே இருந்தது.

"சர்க்கரை இருந்தா இது பச்சையாகும், மஞ்சளாகும், செங்கல் நிறமாகும். உங்களுக்கு இல்லை. எதுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்குங்க, அண்ணனுக்கு இருக்குன்னீங்களே" என்றார். பிறகு விளக்கை எடுத்து அவன் கண்ணில் காட்டினார். மறுபடி காட்டினார். "மலச்சிக்கல் உண்டா?"

"ரொம்பங்க."

"ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

தணிகாசலம் மடியிலிருந்து லேகிய டப்பாவை எடுத்து வைத்தான். அதன் கதையையும் சொன்னான். போன ஆடிக் கிருத்திகைத் திருவிழாவில் கூடாரம் போட்டிருந்த ஒரு வைத்தியன் கையில் நோட்டீஸ் திணித்தான். தூக்கத்தில் விந்து வெளியேறுகிறதா, கைப்பழக்கம் உண்டா, அப்படியானால் உன் ஆயுளே கரைகிறது, கல்யாணமானால் மானம் போகும் என்று அதில் அச்சடித்திருந்தது. இரண்டும் அவனுக்கு இருந்தன. பயந்து வாங்கினான். சாப்பிட்டதும் உடம்பு சூடாகி மனசு லேசாகிவிடும். பிறகு மாதாமாதம் தபாலில் வரவழைத்தான். பலவீனம் தெரிய ஆரம்பித்ததும் அளவைக் கூட்டினான்.

"லேகியம் வாங்கறதுக்கு முன்னாடி விறைப்பு எப்படி இருந்தது?"

"நல்லாத்தான்..." என்றவன் நிறுத்திவிட்டான்.

"ஒருநாள் சாப்பிடலைன்னா?"

"கொட்டாவி கொட்டாவியா வரும். மூக்குல தண்ணி கொட்டும். மயிர்க்கூச்செறியும். தூக்கம் வராதுங்க."

டாக்டர் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். "இதுல அபின் சேத்திருக்கான். உங்க கண்மணி ஊசிமுனையாட்டம் சுருங்கியிருக்கு, அதுவே சாட்சி. அபின் ஆசையை அடக்கும், குடலைக் கட்டும், விறைப்பைக் குலைக்கும். பலத்துக்குன்னு சாப்பிட்டீங்களே, அதுதான் உங்க பலத்தைத் தின்னுது. நல்லா இருந்த உடம்புக்கு வைத்தியம் பண்ணிக்கிட்டு வந்திருக்கீங்க."

தணிகாசலத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெட்கக்கேடு! ஒரு துண்டுக் காகிதத்தைப் படித்துவிட்டு ஒரு வருஷமாக விஷத்தை நக்கியிருக்கிறான்.

"தூக்கத்துல விந்து போறது வாலிபப் பிள்ளைங்க எல்லாருக்கும் உள்ளது. அதனால ரத்தமும் குறையாது, ஆயுசும் குறையாது. கைப்பழக்கமும் அப்படித்தான்" என்றார் டாக்டர். "இன்னொண்ணு தெரிஞ்சுக்குங்க. குறிக்குள்ள எலும்பு கிடையாது. பஞ்சு மாதிரி அறைகள்தான் இருக்கு. ஆசை வந்தா நரம்பு வழியா சேதி போகும், ரத்தக்குழாய் விரியும், ரத்தம் வந்து அந்தப் பஞ்சுல நிறையும். நிறைஞ்சதும் ரத்தம் திரும்பிப் போற வழி அமுங்கிடும், அதனால நிக்குது. பயம் வந்தா இதே குழாய் சுருங்கிடும். புலியைப் பாத்தவனுக்கு ரத்தம் கால்ல வேணும் ஓடறதுக்கு, அங்க எதுக்கு? அதனாலதான் 'நிக்குமா நிக்குமா'ன்னு வேவு பாத்துக்கிட்டே இருந்தா நிக்காது."

லேகியத்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று அளவு சொல்லிக்கொடுத்தார். அதுவரை தானே சோதித்துப் பார்த்துக்கொள்ளக் கூடாது என்றார். "கல்யாணத்தைச் சில மாசம் தள்ளிப் போட முடிஞ்சா நல்லது. ஆனதுக்கப்புறமும் முதல் நாளே ஆகணும்னு இல்லை. பொண்ணோட பேசுங்க. அவளுக்கும் பயம் இருக்கும்."

எழுந்து வாசல் வரை வந்தவன் திரும்பி நின்றான். "ஐயா, இப்படி ஆம்பளைக்கு ஆகலைன்னா, அந்தப் பொம்பளைக்குக் கொழந்தை...?"

"எப்படி தம்பி ஆகும்?" என்றார் டாக்டர்.

*

குறைக்கக் குறைக்க உடம்பு படாதபாடு பட்டது. மூக்கு ஒழுகியது, வயிறு கலங்கியது, கால் குடைந்தது. ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தான். அண்ணிதான் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அதை வாங்கும்போதெல்லாம் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆறாவது வாரத்தில் ஒரு விடியற்காலையில் கண் விழித்தபோது, மறந்துபோன உறவுக்காரன் வந்து நிற்பதுபோல விறைப்பு வந்து நின்றது. தணிகாசலம் அப்படியே மல்லாந்து கிடந்தான். சந்தோஷத்தில் முருகா என்றான்.

அந்தச் சந்தோஷம் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போகும்வரைதான் இருந்தது. அங்கே அண்ணி பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டுமென்று, கோதண்டபாணியின் இரண்டாம் சம்பந்தத்துக்குத் தாம்பூலம் மாற்ற அன்றுதான் நாள் குறித்திருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. இரண்டாம் தாரம் கட்டுவதானால் மூத்தவளே தன் கையால் தாம்பூலத் தட்டை எடுத்துப் புதிய பெண்ணின் தகப்பனிடம் கொடுக்க வேண்டும். அவள் மனசார விட்டுக்கொடுத்தாள் என்று அதற்கு அர்த்தம். விட்டுக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முறை ஒன்றும் இல்லை. யாரும் அப்படிச் செய்ததில்லை.

"அண்ணி" என்றான்.

"இன்னா தம்பி? ஒடம்பு தேவலையா?"

"தேவலை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டான். அவன் உடம்பு தேறியது ஒரு கடிதத்தால். அதே கடிதத்தின் மறுபாதியை அவன் பொய்யாக்கிவிட்டான். நினைக்க நினைக்கக் கூசியது.

*

முற்பகலில் எல்லாரும் வந்துவிட்டார்கள். பெண்ணின் தகப்பன் முனியன், திருவாலங்காட்டில் கரும்பு வெட்டுகிற தூரத்து உறவு. அவன் மகள் அம்மு, இருபது வயதாகியும் கரை சேராதவள், யாரோ கொடுத்த புடவையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கனகம்மாசத்திரத்திலிருந்து தணிகாசலத்தின் வருங்கால மாமனார் பக்தவச்சலமும் வந்திருந்தார். அவர் மகள் தேவகியைத்தான் தணிகாசலத்துக்கு நிச்சயம் செய்திருந்தது. இரண்டு கல்யாணத்தையும் ஆவணியில் ஒரே பந்தலில் நடத்திவிடலாம் என்பது கௌரியம்மாளின் கணக்கு. மாப்பிள்ளை கோதண்டபாணி மட்டும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம்.

"நேரமாவுது. பார்வதம், தட்ட எட்த்து குடு" என்றாள் கௌரியம்மாள்.

பார்வதம் சமையலறையிலிருந்து வந்தாள். கூடத்து நடுவில் வைத்திருந்த தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம் எல்லாம் இருந்தன. அவள் குனிந்தாள்.

"அண்ணி, எடுக்காதீங்க" என்றான் தணிகாசலம்.

எல்லாரும் திரும்பினார்கள். அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணன் சம்மதம்னு எழுதல. நான் பொய் படிச்சேன். எப்படியாச்சும் இத நிறுத்துன்னுதான் எழுதியிருந்தான்."

"ஏண்டா பொய் படிச்ச? அந்தக் கடுதாசிய எட்த்தா."

"கொளுத்திட்டேன்."

"நல்லா கீதுடா கத! அதுல அப்பிடி இன்னா எழுதியிருந்துச்சு?"

இதோ, இந்த இடத்தில் இன்னும் ஒரு பொய் சொல்ல வழி இருந்தது. தணிகாசலம் அதைத் தேடவும் செய்தான் என்பதை மறைப்பானேன். பக்தவச்சலத்தின் முகத்தைப் பார்த்தான். தட்டருகே குனிந்தபடியே நிற்கும் அண்ணியைப் பார்த்தான்.

"என்னை டாக்டர்கிட்ட போகச் சொல்லி எழுதியிருந்துச்சு. எனக்கு... ஆண்குறி சரியா விறைக்காம தளர்ந்து போயிகினு இருந்துச்சு. அத உரக்கப் படிக்க வெக்கப்பட்டு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். அப்புறம் அரக்கோணம் போய் டாக்டரப் பாத்தேன். லேகியத்தால வந்த கோளாறுன்னாரு, இப்ப சரியாகிகினு வருது." மூச்சு வாங்கினான். "அண்ணனுக்கும் அதே கோளாறு. கல்யாணமான நாள்லேர்ந்து. அவன் ஆரம்பத்துலயே டாக்டர்கிட்ட போகல. கொறை அண்ணிகிட்ட இல்லம்மா. எங்ககிட்ட."

தெருவில் போகிற காவடிக்காரர்களின் பம்பைச் சத்தம் நன்றாகக் கேட்டது. கௌரியம்மாளின் முகம் வெளிறி, பிறகு சிவந்தது. கையை ஓங்கிக்கொண்டு வந்தவள் பாதியில் நின்று பார்வதத்தின் பக்கம் திரும்பினாள்.

"இவன் சொல்றது நெசமா?"

"நெசந்தான் அத்த."

"உனுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அந்த அறையில நாந்தான இருந்தேன்."

"ஏன்டி இத்தினி வருசமா சொல்லல?"

"யாரு கேட்டீங்க?" என்றாள் பார்வதம். குரல் உயரவில்லை. "மண்ணுல சோத்தப் போட்டு தின்னுன்னீங்க. தின்னேன்."

தணிகாசலத்துக்குத் தரையில் புதைந்துவிடலாம்போல் இருந்தது. கௌரியம்மாள் உட்கார்ந்தாள். இப்போதாவது அவள் தன் மருமகளின் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவளோ முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "புருசன வசப்படுத்தத் தெரியாத கட்ட. கைகாரப் பொண்ணா இருந்தா அவன் சரியாகியிருப்பான்" என்றாள். பிறகு முனியனைப் பார்த்து, "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டாள்.

முனியன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "அதனால இன்னாக்கா. ரெண்டு வேள சோறு கெடைக்குமில்ல, அது போதும். எம்பொண்ணு ஒண்ணும் கேக்க மாட்டா."

பக்தவச்சலம் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கல்யாணம் போயிற்று என்று நினைத்தபடியே தணிகாசலம் அவரைத் தெருவரை தொடர்ந்து போனான். அவர் கொஞ்ச தூரம் நடந்து, வேப்பமரத்தடியில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"தேவகிகிட்ட இதெல்லாம் சொல்றேன். அவ சரின்னா தையில வச்சிக்கலாம். அவ இஷ்டம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த டாக்டரு அரக்கோணத்துல எந்தத் தெரு மாப்ள?" என்று கேட்டார்.

தணிகாசலம் தெருவைச் சொன்னான். அவர் அவனைப் பார்க்காமல் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

அவன் உள்ளே திரும்பி வந்தபோது கௌரியம்மாள் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "முனியன்தான் சரிங்கிறானே. தட்ட எட்த்து குடுடி."

பார்வதம் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஆனால் தட்டை எடுக்கவில்லை. அதிலிருந்து ஒரு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் அம்முவின் பக்கத்தில் அமர்ந்தாள். அந்தப் பெண் காலையிலிருந்து எதுவும் தின்னவில்லை என்பது அவள் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. பார்வதம் பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்தாள்.

"சாப்புடு. உள்ள சோறும் கொழம்பும் இருக்குது, அதையும் தின்னு. எலை போட்டு தின்னு" என்றாள். "தின்னுட்டு உங்க நைனாவ கூட்டிக்கினு ஊருக்குப் போ."